“போட்டோ எடுத்தா எல்லாம் போயிருது” என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பேன்?

“அண்ணே, போட்டோ எடுத்தா எல்லாம் போயிருது.”

எனக்கு வந்த பிழை அறிக்கை மொத்தமும் இவ்வளவுதான். அனுப்பியது குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கும் தம்பி. கொள்முதல் செய்யும் காய்க்கு எடை, விலை, விற்றவர் பெயர் போட்டு, எடைச் சீட்டைப் படம் எடுத்துச் சேர்க்கிற ஆப் எங்களுடையது. அதைச் சோதித்துச் சொல்வது அவன் பொறுப்பு. சரி, எல்லாம் என்றால் எது எல்லாம்? ஆப்பே மூடிக்கொள்கிறதா, எழுதியது மட்டும் அழிகிறதா? போயிருது என்றால் எப்போதுமா, எப்போதாவதா? கேட்டால், “போயிருதுண்ணே, சத்தியமா” என்கிறான். சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே தேடுவது?

கம்பத்தில் என் மேசையில் அது போகவே இல்லை. ஐம்பது தடவை படம் எடுத்தேன். போனைப் படுக்கப் போட்டேன், நிமிர்த்தினேன், சுழற்றினேன். எழுதியது எழுதியபடி நின்றது. “என் போன்ல வேலை செய்யுதே தம்பி” என்று அனுப்பினேன். இந்த வரியை எழுதிய எல்லா டெவலப்பர்களையும் போல நானும் திட்டு வாங்க வேண்டியவன்தான்.

எங்களிடம் டெம்ப்ளேட் இல்லாமல் இல்லை. எங்கிருந்தோ யாரோ எடுத்து வந்த இருபத்தேழு கட்டங்கள். தீவிரம், முன்னுரிமை, எந்தப் பகுதி, மூல காரணம், பரிந்துரைக்கும் தீர்வு. மூல காரணம் தெரிந்தால் அவன் ஏன் எனக்கு எழுதுகிறான்? காய்ச்சலோடு வந்தவனிடமே மாத்திரைப் பெயரைக் கேட்பார்களா? அதையும் பாவம் நிரப்பி அனுப்பியிருந்தான். சூழல்: ஆண்ட்ராய்டு. செய்முறை: போட்டோ எடுக்கணும். எதிர்பார்த்தது: வேலை செய்யணும். நடந்தது: செய்யல. போன் மாடல் என்ற கட்டத்தில் ‘நீலம்’. சிரிக்காதீர்கள். எங்கள் டெம்ப்ளேட் ‘Settings’, ‘About phone’ என்று வழி சொல்கிறது, அவன் போன் முழுக்க மலையாளத்தில் இருக்கிறது. அவன் எதைத் தேடுவான்?

மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டேன். கூடலூர், லோயர் கேம்ப், மலைப்பாதை, செக்போஸ்ட். கடைக்குள் ஏலக்காய் மணத்தில் மூட்டை மேல் உட்கார்ந்து, “நீ வழக்கமா செய்றதைச் செய், என்னைப் பார்க்காதே” என்றேன்.

பார்த்தேன். ஆப்பைத் திறந்தான். பெயர் போட்டான், 48.600 கிலோ என்று எடை போட்டான். நடுவில் வாட்ஸ்அப்பில் யாரோ ஏல விலை கேட்க, அதற்குப் போய்ப் பதில் குரல் அனுப்பினான். ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தாமல் ஒதுக்கிவிட்டுத் திரும்பி வந்தான். படம் எடுக்கும் பொத்தானைத் தொட்டான். கேமரா திறக்கவே ஐந்தாறு நொடி. படம் எடுத்து டிக் அடித்தான். எங்கள் ஆப்பின் முகப்புப் படம் ஒரு நொடி மின்னியது. வெற்றுப் படிவம் வந்து நின்றது. பெயரும் இல்லை, எடையும் இல்லை, படமும் இல்லை.

ஐந்து தடவையில் மூன்று தடவை அப்படி. போனை அணைத்துப் போட்டு, வேறெதையும் திறக்காமல் செய்யச் சொன்னேன். ஐந்தில் ஒன்றுகூட இல்லை. அவன் போனில் ரேம் 3 ஜிபி, என்னுடையதில் 8.

அந்த மின்னிய முகப்புதான் துப்பு. ஆப் கிராஷ் ஆகவில்லை. கேமராவுக்கு இடம் போதாமல், பின்னால் போன எங்கள் ஆப்பை ஆண்ட்ராய்டே கொன்றுவிட்டது. படம் எடுத்துத் திரும்பும்போது ஆப் புதிதாகப் பிறக்கிறது. எழுதிய பெயரையும் எடையையும் நான் வைத்திருந்தது வியூமாடலில் மட்டும். போனைச் சுழற்றினால் வியூமாடல் பிழைக்கும், ப்ராசஸே செத்தால் அதோடு சேர்ந்து செத்துவிடும். நான் ஐம்பது தடவை சுழற்றியது வெட்டி வேலை. கிராஷ் அறிக்கையிலும் ஒன்றும் வராது, ஏனென்றால் நடந்தது கிராஷே இல்லை.

தெரிந்த பிறகு என் 8 ஜிபி போனிலேயே அரை நிமிடத்தில் வரவைத்தேன். படிவத்தை நிரப்பி, கேமரா திறந்திருக்கும்போது கணினியிலிருந்து இதை அடித்தால் போதும்:

```
adb shell am kill com.example.elam
```

பிறகு டிக் அடித்தால் அதே வெற்றுப் படிவம். ஆப் பின்னால் இருக்கும்போதுதான் இந்தக் கட்டளை வேலை செய்யும், திரையில் இருக்கும்போது அடித்தால் ஒன்றும் நடக்காது. திருத்தமும் பெரிதில்லை. எழுதுகிறவற்றையும் படம் சேமிக்கும் முகவரியையும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் போனிலேயே வரைவாக எழுதி வைத்தேன். ஆப் மறுபடி பிறந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். மொத்தம் ஒரு மதியம். அந்த ஒரு மதியத்துக்கு முன்னால்தான் மூன்று நாள்.

பஸ்ஸில் இறங்கி வரும்போதே அந்த இருபத்தேழு கட்டங்களைத் தூக்கிப் போட்டேன். ஒரே ஒரு போனில் வருகிற கோளாறு என்றால் அந்தப் போனுக்கும் மற்ற போன்களுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் எனக்கு வேண்டும். அதில் பாதி போனின் அப்போதைய நிலைமை. இப்போது எங்கள் தம்பி நிரப்புவது இது. அவன் அனுப்பியிருக்க வேண்டியதை நானே நிரப்பி மாதிரியாகக் கொடுத்தேன்:

```
போன் விவரத் திரை: (படம் எடுத்து அனுப்பு)
ஆப் பதிப்பு: 1.4.2
கடைசியாக அணைத்துப் போட்டது: 4 நாள் முன்
காலி இடம்: 1.1 ஜிபி
தொடங்கும் முன் திறந்திருந்தவை: வாட்ஸ்அப், வீடியோ
தொட்டவை, வரிசையாக: புதிய கொள்முதல் > பெயர் > 48.600 >
  வாட்ஸ்அப் போய் வந்தேன் > படம் > டிக்
திரையில் கண்டது: முகப்பு மின்னியது, பிறகு வெற்றுப் படிவம்
5 தடவையில்: 3
அணைத்துப் போட்ட பின் 5 தடவையில்: 0
வேறு போனில்: வரவில்லை (8 ஜிபி)
நடந்த நேரம்: காலை 11.20
```

மாடலை எழுதச் சொல்லாமல் படம் கேட்பதற்குக் காரணம் உண்டு. கடையில் ஒரே பெயரில் விற்கும் போனுக்கு 3 ஜிபி, 4 ஜிபி என்று இரண்டு வகை இருக்கும். படத்தில் மாடல் எண், ஆண்ட்ராய்டு பதிப்பு, பில்ட் எண் என எல்லாம் வந்துவிடும். எழுத்து மலையாளமாக இருந்தாலும் எண்ணை நான் படித்துக்கொள்வேன். ‘வாட்ஸ்அப் போய் வந்தேன்’ என்பதை யாரும் தானாக எழுதமாட்டார்கள், அது ஆப்பைச் சேர்ந்ததில்லை என்று நினைப்பார்கள். அதனால் அந்த வரிக்குக் கீழே, ‘நடுவில் போன் அடித்தாலும் எழுது’ என்று போட்டேன். நேரம் கேட்பது, ஆப் செத்த காரணத்தைப் போனிலேயே பார்ப்பதற்கு. ஆண்ட்ராய்டு 11 முதல் `adb shell dumpsys activity exit-info` அடித்தால் எப்போது, எதனால் செத்தது என்று காட்டும். சில போன்கள் நினைவகம் போதவில்லை என்று ஒழுங்காகச் சொல்லாமல், சிக்னல் வந்தது என்று மட்டும் எழுதும். அங்கே நேரம்தான் கை கொடுக்கும்.

நேற்று முதலாளி வந்து பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு, ஆனா தீவிரம்னு ஒரு கட்டம் இல்லையே, மேலே ஒண்ணு சேர்த்துருவோமா?” என்றார். தம்பி அதற்குள் அடுத்ததை அனுப்பியிருந்தான். பதினொரு வரியும் நிரம்பி, கடைசியில் கூடுதலாக ஒன்று: “மழை பெஞ்சுட்டு இருந்துச்சுண்ணே, அதையும் எழுதணுமா?”

எழுது தம்பி. தீவிரம்தான் வேண்டாம்.