ஒரு கார்டில் மூன்று பெயர் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள்

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் களத்திலிருந்து, தென்னை நார்த்தூள் கட்டிகள் கன்டெய்னரில் ஏறிப் பாலக்காடு வழியாக வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகின்றன. வேலைகளையெல்லாம் ஆன்லைன் போர்டில், வேலைக்கொரு கார்டாகப் போட்டு நடத்துகிறோம். அந்தப் போர்டில் ஒரே கார்டுக்கு மூன்று பேரைப் பொறுப்பாக்கும் வழக்கத்தை எவர் தொடங்கினாரோ, அவர் மேல் எனக்குத் தீராத கோபம்.

சென்ற வாரக் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஃபியூமிகேஷன், சான்றிதழ்' என்று தலைப்பு, கெடு செவ்வாய், கணக்கர், களக் கண்காணிப்பாளர், வண்டி ஏற்பாடு செய்பவர் என மூவரின் படங்கள். துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டியை ஏற்கும் கடைசி நேரம் வெள்ளி மாலை என்பதால், செவ்வாய் இரவே பெட்டிக்குள் பூச்சி மருந்து வைத்து, இருபத்துநான்கு மணி நேரம் மூடி வைத்து, பிறகு காற்றோட்டம் விட்டுச் சான்றிதழ் வாங்கினால்தான் வியாழன் இரவு வண்டி கிளம்ப முடியும். அதற்கு மருந்து வைப்பவரைத் திங்களன்றே அழைத்திருக்க வேண்டும். நினைவூட்டல் மூவருக்கும் போயிற்று, மற்றவர் அழைத்திருப்பார் என்று மூவருமே நினைத்தார்கள், ஒருவரும் அழைக்கவில்லை.

இதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. செவ்வாய் மாலை கெடு சிவப்பாக மாறியதும், யாரோ அதை வெள்ளிக்கு நகர்த்திவிட்டார்கள். சிவப்பு மறைந்தது. கார்டு 'நடப்பில்' என்ற பத்தியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கடைசி நேரமே வெள்ளி என்னும்போது, அன்று முடியும் ஃபியூமிகேஷனால் யாருக்கு என்ன பயன்? வியாழன் காலை கொச்சி ஏஜென்ட் "வண்டி இறங்கியோ சாரே?" என்று வண்டி கிளம்பியதா எனக் கேட்டபோதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டோம். பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனது. வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டிய நிலை என் தலையில் விழுந்தது.

கார்டின் செயல்பாட்டு வரலாற்றைத் திறந்தால், தேதியை மாற்றியவர் பெயர் அங்கேயே இருக்கிறது. ஆனால் ஏன் மாற்றினார் என்று ஒரு வரிகூட இல்லை. அதைக் கேட்டால், "சிவப்பாக இருந்தது, அதனால்தான்" என்கிறார்! சிவப்பு என்பது வேலை நிற்கிறது என்று சொல்லும் அறிவிப்பு. அதை அழிப்பது வேலையைச் செய்வதாகாது.

இனி ஒரு கார்டுக்கு ஒரே பெயர்தான். மூவருக்கும் பங்கிருந்தால் மூன்று கார்டுகள்: மருந்து வைப்பவரை அழைத்தல், பெட்டியைத் தயார் செய்தல், சான்றிதழ் வாங்குதல். ஒவ்வொன்றின் கெடுவும் துறைமுகத்தின் கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வைக்கப்பட வேண்டும். வெளியாரின் பதிலுக்காக நிற்கும் கார்டு 'நடப்பில்' இருக்கக் கூடாது. 'காத்திருப்பு' பத்திக்குப் போய், யாருக்காக நிற்கிறது, மீண்டும் எப்போது அழைப்போம் என்ற குறிப்போடு இருக்க வேண்டும். கெடுவை நகர்த்துபவர் காரணத்தை அதே கார்டில் எழுதாவிட்டால், நான் அதைப் பழைய தேதிக்கே திருப்பி வைப்பேன்.