கணினியில் பில் போட்டாலும் சாமான் எண்ணத்தான் வேண்டும்

“தொடர் இருப்பு முறையில் கணக்கு வைத்தால் வருட முடிவில் சாமான் எண்ணத் தேவையில்லையாம், உண்மையா?”

இல்லை. இந்த முறையில் ஒவ்வொரு கொள்வனவையும் விற்பனையையும் உடனுக்குடன் இருப்புக் கணக்கில் பதிவார்கள். ஆனால் பதிவேடு, இருக்க வேண்டியதைத்தான் சொல்லும். இருப்பதை எண்ணித்தான் அறியலாம்.

சுன்னாகத்தில் ஒரு கட்டடப் பொருள் கடை என்று வைப்போம். தொடக்க இருப்பு இல்லை. சீமெந்து 100 பை, ஒன்று 2,000 ரூபாய்ப்படி கடனுக்கு வாங்குகிறார்கள். இருப்புக் கணக்கில் 200,000 வரவு, கடன்கொடுத்தோருக்குச் செலவு. 60 பையை 2,300 ரூபாய்ப்படி விற்றால் இரண்டு பதிவு: காசு வரவு, விற்பனை செலவு 138,000; விற்பனைக் கிரயம் வரவு, இருப்பு செலவு 120,000. இந்த இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏட்டில் மீதி 40 பை. எண்ணினால் விற்கக்கூடியது 38. ஒன்று ஈரத்தில் இறுகியிருக்கும், இன்னொன்று பில் இல்லாமல் போயிருக்கும். இருப்பு இழப்பு வரவு, இருப்பு செலவு 4,000 என்று பதிய வேண்டும். எண்ணாவிட்டால் இலாபம் 18,000 என்றே நிற்கும், உண்மையில் 14,000.

கால முடிவு முறையில் வாங்கும்போது கொள்வனவுக் கணக்கில் வரவு, விற்கும்போது விற்பனைப் பதிவு மட்டும். முடிவில் கொள்வனவு 200,000ஐ விற்பனைக் கிரயத்துக்கு மாற்றி, எண்ணிய 76,000ஐ இறுதி இருப்பில் வரவு வைத்து விற்பனைக் கிரயத்தில் செலவு வைப்பார்கள். கிரயம் 124,000 ஆகும், இலாபம் அதே 14,000. ஆனால் குறைந்த இரண்டு பையும் விற்றவற்றோடு கலந்துவிடும், குறைந்ததே தெரியாது. சரி, தொடர் முறையின் பயன் அங்கேதான், அதுவும் எண்ணினால் மட்டும்.