நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி இல்லை என்று இனிமேல் சொல்லாதீர்கள்

போன ஞாயிறு காலை எண்ணூர் முகத்துவாரத்தில் இருந்தேன். பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். வலை கட்ட நட்டிருந்த சவுக்குக் கம்பு ஒன்றின் மேல் ஒரு சின்ன நீர்க்காகம் இரண்டு இறக்கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. கூட வந்தவர் பிள்ளைகளிடம் சொன்னார்: "வாத்துக்கெல்லாம் வால்கிட்ட எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. பாவம், இதுக்கு அது கிடையாது. அதனாலதான் நனைஞ்சுபோய்க் காயப்போடுது."

நானும் என் பள்ளி நாட்களில் இதையே கேட்டேன். பல வருடம் நம்பவும் செய்தேன். இது தவறு. தகவல் தவறு என்பதைவிட, அந்தப் பறவையை ஏதோ குறையோடு பிறந்த ஒன்றாகப் பிள்ளைகள் மனதில் பதியவைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் சுரப்பி விஷயம். நீர்க்காகத்துக்கு வாலின் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது, நன்றாகவே வேலையும் செய்கிறது. பொறுமையாகப் பார்த்தால், அலகை வால் பக்கம் கொண்டுபோய் எடுத்து இறகில் தடவுவதை நீங்களே பார்க்கலாம். பிறகு ஏன் நனைகிறது? காரணம் இறகு நெய்யப்பட்டிருக்கும் விதம். இறகின் இழைகள் எவ்வளவு தடிமன், அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீர் உள்ளே போகுமா, முத்து முத்தாக மேலேயே நிற்குமா என்பது அமைகிறது. எண்ணெய் கூடுதலாக இருந்தாலும் இழை தளர்வாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிடும். 1968லேயே நீர்க்காக இறகை இப்படி அளந்து எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பழைய கதைதான் நடமாடுகிறது.

2005இல் தாவித் கிரெமியே என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் பெரிய நீர்க்காகத்தின் உடல் இறகை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஒரே இறகுக்குள் இரண்டு விதமான நெசவு. ஓரப்பகுதி தளர்வானது, தண்ணீர் பட்டதும் ஊறிவிடும். நடுப்பகுதி நெருக்கமானது, அங்கே தண்ணீர் நுழையாது. அதனால் பறவை முழுக்க நனைவதில்லை. வெளியே ஈரம், தோலை ஒட்டி மெல்லிய ஒரு காற்றுப்படலம். மழைக்கோட்டின் மேல் ஈரத்துண்டு போர்த்திய மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றுப்படலம் இருப்பதால்தான் கிரீன்லாந்தின் குளிர்காலத்தில்கூட இந்த இனம் தண்ணீருக்குள் போய் மீன் பிடிக்கிறது.

சரி, ஓரம் ஏன் நனைய வேண்டும்? இதற்கு நம் கழிமுகத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். இங்கே பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். சாம்பலும் மணலும் படிந்து மேடாகிப்போன இடங்கள். ஆழம் குறைவென்றால் முங்குவது சுலபம் என்றுதான் நமக்குத் தோன்றும். இறகுக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கும் பறவைக்கு அது நேர்மாறு. பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் அந்தக் காற்றைப் பாதியாக நசுக்கிவிடும், மேலே தள்ளும் விசையும் அதற்கேற்பக் குறையும். ஒரு மீட்டர் ஆழத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. அதாவது மேலோட்டமான தண்ணீரில்தான் காற்று பறவையைப் பந்து மாதிரி மேலே தள்ளும். வாத்து உயரமாக மிதப்பதும், நீர்க்காகம் உடம்பு மூழ்கி கழுத்து மட்டும் தெரிய நீந்துவதும் இந்த வேறுபாட்டால்தான்.

நீர்க்காகம் தண்ணீருக்குள் இறக்கையை அடிப்பதில்லை. உடம்போடு ஒட்டி மடித்துக்கொண்டு, நான்கு விரல்களும் சவ்வால் இணைந்த கால்களால் மட்டுமே உதைத்துப் போகும். காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டே உதைத்தால் கெளுத்தியையும் மடவைக் குஞ்சையும் துரத்தச் சக்தி எங்கே மிஞ்சும்? தளர்வான ஓரம் காற்றை வெளியே விட்டுத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்கிறது. நனைவதுதான் அதன் வேட்டை வித்தை.

வேட்டை முடிந்த பிறகுதான் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஊறிய இறகு கனக்கும். எழும்பும்போது தண்ணீர்மேல் நீண்ட தூரம் தடதடவென்று ஓடித்தான் மேலே ஏற முடியும். காற்று வீசினால் ஈரம் உடம்புச் சூட்டையும் உறிஞ்சும். அதனால் கம்பில் ஏறி உட்கார்ந்து, உதறி, இறக்கையை விரிக்கிறது. சும்மா விரித்துவிட்டு நிற்பதில்லை, நடுநடுவே மெதுவாக விசிறிக்கொள்ளும்.

இது வெயில் காய்வதுதான், ஈரம் உலர்த்துவதல்ல என்று என் நண்பர் ஒருவர் ரொம்ப நாளாக வாதாடுகிறார். பாம்புத்தாராவைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் நியாயம் உண்டு. புழல் ஏரிப் பக்கம் பாம்புத்தாரா விரித்து நிற்பதைப் பாருங்கள். பெரும்பாலும் முதுகைச் சூரியனுக்குக் காட்டும், காய்ந்த பிறகும் விரித்தபடியே இருக்கும். அதற்கு உடம்புச் சூடு ஒரு பெரிய கவலை. நீர்க்காகம் அப்படி இல்லை. தண்ணீரிலிருந்து வந்த பிறகுதான் விரிக்கும், அதிக நேரம் முங்கியிருந்தால் அதிக நேரம் விரிக்கும், காற்று பலமாக இருந்தால் சீக்கிரம் மடக்கிவிடும். ஐரோப்பிய நீர்க்காகங்களை உட்கார்ந்து நேரம் குறித்தவர்கள் கண்டது இது. நானும் கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து முகத்துவாரத்தில் பார்த்தேன். கடல்காற்று ஓங்கி அடிக்கும் பிற்பகலில் ஏழெட்டு நிமிடத்தில் மடக்கிவிட்ட பறவைகள், காற்றே இல்லாத புழுக்கமான காலையில் கால்மணி நேரத்துக்கு மேல் நின்றன. வெயில் காய்வதாக இருந்தால் காற்றுக்கு இதில் என்ன வேலை?

கலாபகோஸ் தீவுகளில் பறக்கவே முடியாத ஒரு நீர்க்காகம் இருக்கிறது. அதுவும் தன் குட்டை இறக்கைகளை விரித்து நிற்கிறது. ஆகவே பறப்பதற்காக மட்டும்தான் விரிக்கிறது என்று முடித்துவிட மாட்டேன்.

2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்ததை இங்கே இருப்பவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். இறகில் அந்தக் கசடு படிந்தால் தளர்வான ஓரத்தோடு நிற்காது, நடுப்பகுதியின் நெருக்கமான இழைகளையும் ஒட்டவைத்துவிடும். தோலை ஒட்டிய காற்றுப்படலம் போய்விடும். அதன்பிறகு எத்தனை நேரம் விரித்தாலும் பயனில்லை, ஏனென்றால் எண்ணெய் ஆவியாகிப் போகிற ஈரம் இல்லை. அலகால் கோதக் கோத அது வயிற்றுக்குள்தான் போகும்.

படம் எடுக்க வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். விரித்து நிற்கிற நீர்க்காகம் தப்பித்துப் பறக்க மிகவும் சிரமப்படும் நிலையில் இருக்கிறது. அந்த நேரத்தில் படகை ஓட்டிக்கொண்டு கிட்டே போனால், பாதி ஈரத்தோடு தண்ணீரில் விழுந்து மறுபடியும் நனைந்து, உலர்த்துவதை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். தலையைத் தூக்கி உங்கள் பக்கம் திருப்பினாலோ, விசிறுவதை நிறுத்திப் பாதி மடக்கினாலோ, அங்கேயே நின்றுவிடுங்கள். காட்டுக்குப்பத்தில் என்னைப் படகில் அழைத்துப்போகும் அண்ணன் அந்தக் கம்புகளுக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே துடுப்பை நிறுத்திவிடுவார். "அது காயட்டும் தம்பி, நமக்கு என்ன அவசரம்" என்பார்.