வெறுங்காலுடன் கிரிவலம்

“அம்மாவோடு முதல் தடவை திருவண்ணாமலை போகிறேன். வெறுங்காலோடு சுற்ற ஏலுமா?”

ஏலும் தம்பி. ஆனால் பௌர்ணமியைத் தவிர்த்து, சாதாரண நாளொன்றில் போங்கள். பௌர்ணமியில் வாகனங்களைக் கட்டுப்படுத்துவார்கள், நடுவழியில் அம்மாவுக்கு ஏலாமல் போனால் ஓட்டோ பிடிப்பது கஷ்டம்.

பாதை சுமார் 14 கிலோமீற்றர். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க, இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு லிங்கங்களையும் கும்பிட்டுச் சுற்றுவது வழக்கம். ஆறுதலாக நடந்தால் நாலைந்து மணித்தியாலம் ஆகும். விடிய முன் தொடங்குங்கள், வெயில் ஏறினால் தார் றோட்டு காலைச் சுட்டுவிடும். புறங்கையை றோட்டில் ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால், அதில் நடக்க வேண்டாம்.

இங்கே திருகோணமலையில் கடற்கரை மணலில் நடந்து பழகுவது போதாது, மணல் மெத்தை மாதிரி. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரைக்கும் ஏறும் றோட்டில், காலை வேளைகளில் வெறுங்காலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி நடங்கள். உள்ளங்காலில் ஒரே இடம் எரியத் தொடங்கினால் கொப்புளம் வரப்போகிறது என்று அர்த்தம். உடனே இருந்து, துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். வந்த கொப்புளத்தை உடைக்காதீர்கள், கிருமி போகும்.

அம்மாவுக்குச் சலரோகம் இருக்கிறதா? அப்படியென்றால் அவர் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கால் மரத்திருந்தால் கல்லுக் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது, அந்தப் புண் ஆறவும் நாளெடுக்கும். கோயிலுக்குள் மட்டும் செருப்பைக் கழற்றட்டும், மிச்சத் தூரம் ஓட்டோவில் சுற்றலாம்.