எஃப்எஃப்டி பெருக்கலில் வால் சுற்றி வருவது பற்றி ஒரு திருத்தம்

"நீளமான சிக்னலின் அளவுக்குச் சின்னதை ஜீரோ போட்டு நிரப்பினால் போதும், எஃப்எஃப்டி பெருக்கல் சரியான கன்வல்யூஷனைத் தரும்."

போதாது. அப்படி நிரப்பினால் பெருக்கத்தான் முடியும், விடையின் வால் முன்பக்கத்துக்குச் சுற்றி வருவது நிற்காது. கையாலேயே போட்டுப் பாருங்கள். சிக்னல் 1, 2, 3, 4. ஃபில்டர் 1, 1, 1. சரியான விடை 1, 3, 6, 9, 7, 4 என்று ஆறு எண்கள். நான்கு புள்ளி எஃப்எஃப்டியில் ஆறுக்கு இடமில்லை. கடைசி 7, 4 இரண்டும் முன்னால் போய் விழுந்து, விடை 8, 7, 6, 9 ஆகிறது. கெட்டது முதல் இரண்டு மட்டுமே என்பதால்தான் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை.

இரண்டு நீளங்களையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். குறைந்தது அந்த அளவு வேண்டும், இரண்டு சிக்னலுக்கும்:

```
N = len(x) + len(h) - 1
y = np.fft.irfft(np.fft.rfft(x, N) * np.fft.rfft(h, N), N)
```

இதே விவாதத்தில் ஒருவர் "இரண்டின் அடுக்குக்கு நிரப்பு" என்றது பாதி சரி. 4 ஏற்கெனவே இரண்டின் அடுக்குதான், பிழை அப்படியே இருக்கும். முதலில் 6 என்று கணக்கிட்டு, அப்புறம் 8-க்குப் போக வேண்டும்.

ரிவெர்ப் போட்டால் பாட்டு தொடங்கும் முன்பே எதிரொலி கேட்கிறது என்றவருக்கும் இதே காரணமாக இருக்கலாம். உள்ளீட்டின் கடைசியில் நீண்ட மௌனம் சேர்த்துப் பாருங்கள். எதிரொலி மறைந்தால் சுற்றி வந்த வால்தான் அது.

படங்களுக்கு இப்படி ஃபில்டர் போட்டால் ஓரம் கறுக்கிறதே என்ற இன்னொருவரின் கேள்வி வேறு. அங்கே சுற்றல் நின்றாலும், படத்துக்கு வெளியே ஜீரோ என்று வைத்துக்கொள்வது பொருந்துமா என்பது படத்தைப் பொறுத்தது.