பாதிச் சம்பளம், ஆனால் எதில் பாதி?

“20 வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு 40 வயதில் வெளியே வந்தால் பாதிச் சம்பளம் பென்ஷன். அப்புறம் வேலையே தேவையில்லை.”

இந்தக் கணக்கை நம்பி யாரும் விலகல் கடிதம் கொடுத்துவிடாதீர்கள். பல நாடுகளில் அந்தப் பாதி அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும்தான். வீட்டுப்படி, ஆபத்துப்படி எல்லாம் பணியோடு நின்றுவிடும். மாதம் 100 வாங்கியவருக்கு அடிப்படை 60 என்றால் பென்ஷன் 30. படைக் குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும், வாடகை அந்த 30-இலிருந்துதான். பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கினால் மாதத் தொகை இன்னும் குறையும்.

படையில் பெற்ற அனுபவம் இருந்தாலே வெளியே வேலை கிடைக்கும் என்று சிலர் சொல்வதும் பாதிதான் சரி. படையில் 15 வருஷம் விமான இன்ஜின் பழுதுபார்த்தவர்கூட, சிவில் உரிமம் இல்லாமல் ஒரு பயணிகள் விமானத்தைப் பறக்கவிடக் கையெழுத்திட முடியாது. அந்த உரிமத்துக்கான தேர்வுகளைச் சம்பளம் வரும் கடைசி 2, 3 வருஷத்திலேயே எழுதிவிடுங்கள்.