12.40-க்கு முன் அழைக்க மாட்டோம்

ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். டோக்கன் போடுவது, உள்ளே அனுப்புவது, டாக்டர் தாமதமானால் வெளியே இருப்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் என் வேலை. "கொஞ்சம் லேட்டாகும், உட்காருங்க" என்பதைத்தான் அங்கே நான் அதிகம் சொல்லியிருப்பேன். அந்தக் "கொஞ்சம்" எத்தனை நிமிடம் என்று எனக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

அப்புறம் போனுக்குச் செய்தி அனுப்பும் வசதி வந்தது. முதலில் "மருத்துவர் வருகை தாமதமாகிறது, வருந்துகிறோம்" என்று மட்டும் அனுப்பினோம். நேரம் போடாத செய்தியால் என்ன பயன் என்று பலர் கேட்கவே, "சுமார் 30 நிமிடம் தாமதம்" என்று எல்லோருக்கும் அனுப்ப ஆரம்பித்தோம். பல இடங்களில் இன்றும் இப்படித்தான் அனுப்புகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முதலாவதைவிட மோசமாகப் படுகிறது. முதலாவதில் தகவல் இல்லை, அவ்வளவுதான். இரண்டாவதில் தவறான தகவல் இருக்கிறது, அதை நம்பி மக்கள் தங்கள் நாளை மாற்றிக்கொள்கிறார்கள்.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குத் தொடக்கம், ஒருவருக்குப் பத்து நிமிடம். முதல் டோக்கன் 10.00, இரண்டாவது 10.10, பன்னிரண்டாவது 11.50, இருபதாவது 1.10. டாக்டர் வார்டு ரவுண்ட்ஸ் முடித்து 10.20-க்குத்தான் வந்து உட்காருகிறார். ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் உண்மையில் பதினான்கு நிமிடம் ஆகிறது. மூன்று பேர் முடிந்து நான்காவது டோக்கன் உள்ளே போகும்போது மணி 11.02. அவருடைய நேரம் 10.30. ஆக, 32 நிமிடம் தாமதம். மேசையில் இருப்பவர் இதைப் பார்த்துவிட்டு "அரை மணி நேரம் தாமதம்" என்று எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறார்.

அந்தச் செய்தி ஐந்தாவது டோக்கனுக்கு ஏறக்குறைய சரி. அவர் 11.16-க்கு உள்ளே போவார், 36 நிமிடத் தாமதம். பன்னிரண்டாவது டோக்கனைப் பாருங்கள். நான்காவது ஆளிலிருந்து அவர் வரைக்கும் எட்டுப் பேர், ஆளுக்குப் பதினான்கு நிமிடம், மொத்தம் 112 நிமிடம். அவர் முறை 12.54-க்கு வரும். செய்தியை நம்பி 12.20-க்கு உள்ளே போய்விடலாம் என்று இருந்தவர் இன்னும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். இருபதாவது டோக்கனின் நிலைமையோ 2.46. அவருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் தாமதம், கையில் இருப்பது "30 நிமிடம்" என்ற செய்தி.

தாமதம் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. டாக்டர் தாமதமாக வந்த இருபது நிமிடம் மட்டும்தான் எல்லோருக்கும் பொது. மீதி ஆளுக்கு நான்கு நிமிடமாக ஏறிக்கொண்டே போகிறது. அதனால் ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பவே கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு டோக்கனுக்கும் அவரவர் நேரம் போக வேண்டும். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. இப்போது உள்ளே இருப்பவர் எப்போது போனார், இடையில் எத்தனை பேர், ஆளுக்கு உண்மையில் எத்தனை நிமிடம் என்ற மூன்றும் தெரிந்தால் போதும்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். டாக்டரைக் கேட்டால் "பத்து நிமிஷம்தான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் நடுவில் "ரிப்போர்ட் மட்டும் காட்டிட்டு வந்துடறேன்" என்று நுழைபவர்கள் டோக்கன் கணக்கில் வருவதில்லை. மருந்துச் சீட்டில் ஒரு சந்தேகம் என்று திரும்பி வருபவரும், வார்டிலிருந்து வரும் போனும் அப்படியே. ஆகவே டாக்டர் பேசும் நேரத்தை அளந்து பயனில்லை. ஒரு டோக்கன் உள்ளே போன நேரத்துக்கும் அடுத்த டோக்கன் உள்ளே போன நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்தால் இந்த இடைச்செருகல்கள் எல்லாம் தானாக அதில் அடங்கிவிடும். நான் ஒரு நோட்டில் இரண்டு வாரம் குறித்தேன். எங்கள் டாக்டருக்கு அந்தப் பதினான்கு அப்படிக் கிடைத்ததுதான்.

சரி, 12.54 என்று கணக்கு வந்துவிட்டது. அதை அப்படியே அனுப்பலாமா? கூடாது. நடுவில் ஒருவர் வராமல் போனால் முறை 12.40-க்கே வந்துவிடும். ஒருவருக்குக் கூடுதல் நேரம் ஆனால் ஒரு மணி ஆகலாம். ஆகவே "12.40 முதல் 1.00 வரை" என்று சொல்வதுதான் நேர்மை. இந்த இரண்டு எண்களும் ஒரே மாதிரியானவை அல்ல. 1.00 என்பது எதிர்பார்ப்பு. அதைத் தவறவிட்டால் மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். 12.40 என்பது வாக்குறுதி. அதற்கு முன் உங்கள் பெயரைக் கூப்பிட மாட்டோம், உங்கள் முறை போகாது என்று அர்த்தம்.

காத்திருப்பவருக்கு இந்தக் கீழ் எல்லைதான் விடுதலை. எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாததால்தான் மக்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. நான் பார்த்த ஒரு பெரியவர் மூன்று மணி நேரம் கழிப்பறைக்குக்கூடப் போகாமல் இருந்தார். "கூப்பிட்டுட்டா என்ன பண்றது, அடுத்தவங்கள அனுப்பிடுவீங்களே" என்றார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறதா, வெறும் வயிற்றில் இருக்க வேண்டுமா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், மேசையில் இருப்பவருக்கும் தெரிந்திருக்காது. செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டு, சாப்பிடலாம் என்றால் அதையும் அவர்களிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். நேரம் தள்ளிப்போகும் நாளில் ஊசியும் மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே தள்ளிப்போகின்றன.

டாக்டர்கள் இதற்கு ஒரு ஆட்சேபம் சொல்வார்கள். ஆட்களை வெளியே விட்டால் நடுவில் அறை காலியாகக் கிடக்காதா? ஒரு மணி நேரம் தாமதமாக ஓடும் நாளில் அப்படி நடப்பது மிக அரிது. பன்னிரண்டாவது ஆள் இல்லையென்றால் பதின்மூன்றாவது ஆள் ஹாலில் இருப்பார், அவரை அனுப்பலாம். பன்னிரண்டாவது ஆள் 12.40-க்கு வந்ததும் அடுத்து அவர்தான் உள்ளே. இந்த விதியை இரண்டு பேரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சண்டை வராது. சொல்லாமல் விட்டால் அன்றைக்கு மேசை முன்னால் நிற்க முடியாது.

எந்த எண்ணும் போட முடியாத நாட்களும் உண்டு. அவசர சிகிச்சைக்கு டாக்டரைக் கூப்பிட்டுவிட்டார்கள், எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அப்போது ஒரு நேரத்தைக் கற்பனை செய்து அனுப்புவது பெரிய தவறு. அதற்குப் பதில் அடுத்த செய்தி எப்போது வரும் என்று அனுப்பலாம்: "டாக்டர் அவசர சிகிச்சையில். 11.30-க்கு அடுத்த தகவல்." 11.30-க்கு ஒன்றும் புதிதாகத் தெரியாவிட்டாலும் அந்தச் செய்தி போயே ஆக வேண்டும். காரணமும் அந்த அளவு போதும். யாருக்கு என்ன ஆயிற்று என்பது வெளியே இருப்பவர்களுக்குரிய செய்தி அல்ல.

மேலாண்மை ஆய்வாளர் டேவிட் மேய்ஸ்டர் 1985-இல் காத்திருப்பின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு விஷயம் சொல்கிறார். பத்து மணிக்கு நேரம் வாங்கிவிட்டு ஒன்பதரைக்கே வந்தவர் அந்த அரை மணி நேரத்தைப் பொறுமையாகக் கழிப்பார். பத்தைத் தாண்டிய சில நிமிடங்கள்தான் அவரைக் கோபப்படுத்தும். மேசையில் இருந்து நான் தினமும் பார்த்தது இதைத்தான். திருத்திய நேரம் சொன்னவுடன் அவருடைய கடிகாரம் புதிய எண்ணிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. அதனால்தான் நல்லெண்ணத்தில்கூட நேரத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்கிறேன். 12.20 என்று சொல்லி 12.54-க்கு அனுப்பினால் அவரை இரண்டாவது முறை தாமதப்படுத்தியதாகிறது.

செய்தியை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து என்றால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழ் என்றால் 70 மட்டும்தான். அதிலும் மெய்ப்புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "மருத்துவர்" நமக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பத்து. "அன்பார்ந்த நோயாளி அவர்களுக்கு" என்று தொடங்கினால் எழுபதில் ஏறக்குறைய முப்பது இடம் அதிலேயே போய்விடும். பூட்டிய திரையில் தெரியும் முதல் வரியில் நேரம் இருக்காது. நான் கடைசியில் எழுதிவைத்த வாசகம் இது:

"உங்கள் நேரம் 12.40-1.00. 12.40க்கு முன் அழைக்க மாட்டோம்."

எழுபதுக்குள் அடங்கிவிடும். டாக்டரின் துறையை இதில் போடாததும் வேண்டுமென்றேதான். போன் வீட்டில் யார் கையிலும் இருக்கலாம்.

அனுப்பும் நேரமும் முக்கியம். அறுவை சிகிச்சை நீளும் என்று தியேட்டரில் இருக்கும் செவிலியருக்கு 9.15-க்கே தெரிந்திருக்கும். அங்கிருந்து மேசைக்கு ஒரு போன் வந்தால் பின்னால் வரவேண்டியவர்களில் பலர் வீட்டிலேயே காத்திருப்பார்கள். வந்து உட்கார்ந்த பிறகு போகும் செய்திக்குப் பாதி மதிப்புதான்.

கடைசியாக ஒன்று, இதை நான் மறக்கவே முடியாது. ஒரு அம்மா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். திருத்திய நேரத்தை முறையாக இரண்டு முறை அனுப்பியிருந்தோம். மதியம் அவரிடம் போய், "ஏம்மா, மெசேஜ் பார்க்கலையா, சாப்பிட்டு வந்திருக்கலாமே" என்றேன். "என்கிட்ட போனே இல்லையேப்பா, நம்பர் என் பையனோடது, அவன் வெளியூர்ல இருக்கான்" என்றார். அடுத்த நாளிலிருந்து டோக்கன் போடும்போது ஒரு கேள்வி கூடியது: "இந்த நம்பர் போன் இப்போ உங்க கையில இருக்கா?" இல்லை என்பவர்களின் டோக்கனில் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். அவர்களிடம் மட்டும் நான் எழுந்து போய்ச் சொல்வேன்.